ஆண்டு விழாவில் ஏஐ பற்றிப் பேசப் போகும் பள்ளி முதல்வருக்கு: உரையைத் தயாரிக்கும் முழு வழிகாட்டி

ஆண்டு விழாவில் பள்ளி முதல்வரின் உரைக்குப் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து நிமிடம் கிடைக்கும். முன்வரிசையில் நடன உடையோடு சின்னக் குழந்தைகள் காத்திருப்பார்கள். தன் பிள்ளை எப்போது மேடையேறும் என்று பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் "அறிவுள்ள இயந்திரங்களோடு வளர்வது" பற்றிப் பேச முடிவு செய்திருக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏஐ என்றால் என்ன, எதிர்காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் வரும் வாரத்திலிருந்து என்ன நடக்கும் என்று சொல்லக்கூடியவர் அந்த அரங்கில் நீங்கள் ஒருவர்தான். அதனால் உரையில் ஓர் அறிவுரை, அதற்கு ஒரு சான்று, பள்ளி தரும் ஒரு வாக்குறுதி, இந்த மூன்றும் இருந்தால் போதும். அவற்றை எப்படித் தேடி, எப்படி எழுதி, எப்படிப் பேசுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எழுதுவதற்கு முன் விசாரியுங்கள்

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். ஒரு நடுநிலை வகுப்பு, ஒரு உயர்நிலை வகுப்பு, ஒரு மேல்நிலை வகுப்பு என்று மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வியை அமைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நீ ஏஐ பயன்படுத்துகிறாயா?" என்று கேட்டால், எது நல்ல பதிலோ அதைத்தான் எழுதுவார்கள். "கடைசியாக எதற்காக ஏஐயிடம் கேட்டாய்? கேட்பதற்கு முன் நீயே என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல சீட்டுகளில் இடம் வெறுமையாக இருந்தால், உங்கள் உரைக்கான பொருள் கிடைத்துவிட்டது. ஆசிரியர்களிடமும் இதையே கேளுங்கள். வினாத்தாள் தயாரிக்கவும் குறிப்பு எழுதவும் ஆசிரியர்கள் ஏஐ பயன்படுத்துவது மாணவர்களுக்குத் தெரியும். அதைக் கண்டும் காணாததுபோல் பேசினால், மேல்வகுப்பு மாணவர்கள் அந்த இடத்திலேயே கவனத்தை விட்டுவிடுவார்கள்.

சீட்டுகளில் வேறொன்றும் வரலாம். சிலர் பாடத்துக்காக அல்லாமல் மனக்கஷ்டத்தைச் சொல்வதற்காக ஏஐயோடு பேசுவதாக எழுதியிருப்பார்கள். இதைத் தனியாக எடுத்து வையுங்கள், பிறகு வருகிறேன். எந்தச் சீட்டில் இருந்ததையும் மேடையில் அப்படியே படிக்காதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும், எழுதிய பிள்ளைக்குத் தன் வரி தெரியும்.

படி 2: உரையை ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள்

"ஏஐயில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, கவனமாகப் பயன்படுத்துங்கள்" என்பது யாருடைய நடத்தையையும் மாற்றாது. அந்த வாக்கியத்தைக் கேட்ட மாணவர் வீட்டுக்குப் போய் எதை வேறு மாதிரி செய்வார்? ஒன்றுமில்லை. "ஏஐயைத் தொடாதீர்கள்" என்பதைப் பிள்ளைகள் பின்பற்றப் போவதில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

நான் பரிந்துரைப்பது இந்த வாக்கியம்: "முதலில் நீ முயன்று பார், அப்புறம் இயந்திரத்தைக் கேள்." இது வரிசையைப் பற்றிய அறிவுரை. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும், தாத்தா பாட்டிக்கும் புரியும். வீட்டில் பெற்றோர் சரிபார்க்கவும் முடியும். "நீ போட்டுப் பார்த்த தாளைக் காட்டு" என்று கேட்டால் போதும்.

இந்த வாக்கியத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை உரையிலேயே சொல்லுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவியும், வாசிப்பதில் சிரமம் உள்ளவருக்குப் பாடத்தைக் குரலாக மாற்றும் கருவியும் குறுக்குவழி ஆகாது. மற்றவர்கள் கண்ணால் செய்வதை அவர்கள் அதன் உதவியால் செய்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால், அந்தப் பிள்ளைகள் அடுத்த நாள் வகுப்பில் கூனிக்குறுக நேரும்.

படி 3: சான்றைத் தேர்ந்தெடுங்கள்

அறிவுரை மட்டும் சொன்னால் அது பெரியவர்களின் வழக்கமான புலம்பலாகக் கேட்கும். இரண்டு சான்றுகள் இந்த வாக்கியத்துக்குப் பொருத்தமாக இருக்கின்றன. ஒன்று ஆய்வு, ஒன்று ஒரு இளைஞரின் கதை.

ஆய்வு துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள், பாடம் கணிதம். ஒரு குழு புத்தகமும் குறிப்பும் மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தது. இன்னொரு குழுவுக்கு சாட்ஜிபிடி போன்ற, கேட்டதற்கெல்லாம் விடை தரும் கருவி கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்குக் கிடைத்த கருவி விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைக்கப்பட்டது. பயிற்சியின்போது, விடை தரும் கருவி இருந்த குழு முதல் குழுவைவிட 48 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதே குழு முதல் குழுவைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. துப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆய்வு 2025-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது.

இதில் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய பகுதி வேறொன்று. விடை தரும் கருவியைப் பயன்படுத்திய மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை உணரவே இல்லை. வீட்டுப்பாடம் சரியாக முடிந்திருக்கிறது, பிள்ளையும் நம்பிக்கையாக இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துப் பிள்ளை கற்றிருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. மேடையில் 17 என்ற ஒரே எண்ணை மட்டும் சொல்லுங்கள், மற்றவை உங்கள் குறிப்பில் இருக்கட்டும். இது ஒரு பள்ளியில், ஒரு பாடத்தில் கிடைத்த முடிவு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "ஏஐ மூளையை மழுங்கடிக்கும் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று அதை ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

கதை சதுரங்கத்திலிருந்து. அறிவுள்ள இயந்திரத்தோடு வளர்வது எப்படி என்பதை மற்ற எல்லோருக்கும் முன்பே கற்றுக்கொண்டவர்கள் சதுரங்கப் பிள்ளைகள்தான். 1997-ல் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ கணினி அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்று கைபேசியில் ஓடும் சதுரங்க நிரல்கூட எந்த மனிதரையும் வெல்லும். ஆனால் மனிதர்கள் விளையாடுவதை நிறுத்தவில்லை. போட்டி அரங்கில் இயந்திரத்துக்கு இடமில்லை. வீட்டில் பயிற்சிக்கு உண்டு. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷின் பயிற்சியில் ஒரு முக்கியமான முடிவு இருந்தது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் கட்டம்வரை கணினி நிரல்களைப் பயன்படுத்த விடவில்லை. நிலையைப் பார்த்துத் தானே கணக்குப் போட வேண்டும், தானே முடிவெடுக்க வேண்டும். அதில் உறுதியான பிறகுதான் கணினி வந்தது.

அதே வரிசைதான் உங்கள் வாக்கியத்தில் இருப்பதும். கதை சொல்லும்போது "எல்லோரும் குகேஷ் ஆகலாம்" என்ற திசையில் போய்விடாதீர்கள். நீங்கள் சொல்ல வந்தது சாதனையைப் பற்றியல்ல, எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதைப் பற்றி.

படி 4: இயந்திரம் எப்படிப் பேசுகிறது என்பதை அரங்கத்தோடு விளையாடிக் காட்டுங்கள்

இந்தப் பகுதியில் படவிளக்கம் வேண்டாம், கலைச்சொல் வேண்டாம். ஒன்றரை நிமிடத்தில் குழந்தைகளே செய்து காட்டிவிடுவார்கள்.

"நான் ஒரு வரி தொடங்குகிறேன், நீங்கள் முடியுங்கள். காலையில் எழுந்ததும் பல்..." என்று நிறுத்துங்கள். பாதிப் பேர் "தேய்ப்பேன்" என்பார்கள், பாதிப் பேர் "துலக்குவேன்" என்பார்கள். "யாரும் யோசிக்கவே இல்லை, எப்படிச் சொன்னீர்கள்? இந்த வரியை ஆயிரம் முறை கேட்டிருக்கிறீர்கள். உரையாடும் ஏஐயின் அடிப்படையும் இதுதான். ஏராளமான எழுத்தைப் பார்த்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கிறது."

அடுத்து, "இந்தப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த மாணவரின் பெயர்..." என்று நிறுத்துங்கள். ஒரு நொடி அமைதி. பிறகு ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு குழந்தை ஒரு பெயரைக் கத்தும். கத்தாவிட்டால் "சும்மா ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "பார்த்தீர்களா, தெரியாது, ஆனால் பொருத்தமாக ஒரு பெயர் வந்துவிட்டது. இயந்திரமும் சில நேரம் இதைத்தான் செய்கிறது. குரலில் தயக்கமே இருக்காது. அதனால் சரியா தவறா என்று பார்க்கும் வேலை நம்முடையது. நீங்களே ஒருமுறை முயன்று பார்த்திருந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்."

கடைசி வாக்கியம் மிக முக்கியம். விளையாட்டை உங்கள் மைய அறிவுரையோடு கட்டுவது அதுதான். அது இல்லாவிட்டால் கைதட்டல் கிடைக்கும், பொருள் நிற்காது. இன்னொன்று, பெயர் சொன்ன குழந்தையைப் பார்த்து "தப்பு" என்று சொல்லாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

படி 5: வாக்குறுதியை ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பல உரைகள் கவிழ்கின்றன. மேடையில் "இனி எங்கள் பள்ளியில் ஏஐயைப் பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுத் தருவோம்" என்று சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை ஓர் ஆசிரியர் அனுமதிப்பார், பக்கத்து வகுப்பு ஆசிரியர் தண்டிப்பார். ஆகவே விழாவுக்கு முன் ஆசிரியர் கூட்டத்தில் ஒரே ஒரு நடைமுறையை மட்டும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று: ஒவ்வொரு வீட்டுப்பாடத்தின் தலைப்பிலும் ஆசிரியர் மூன்றில் ஒன்றைக் குறிப்பார். "தனியாக", "துப்பு கேட்கலாம்", "முழு உதவி கேட்கலாம்". இரண்டாவதிலும் மூன்றாவதிலும், தான் முதலில் எழுதிப் பார்த்ததை மாணவர் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த முதல் முயற்சி தப்பாக இருந்தால் மதிப்பெண் குறையாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால், பிள்ளைகள் முதலில் இயந்திரத்தைக் கேட்டுவிட்டு "முதல் முயற்சி"யைப் பின்னால் தயாரிப்பார்கள்.

சின்ன வகுப்புகளுக்கு விதி எளிது. யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளைத் தனியாகப் பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைக்கச் சொல்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தையின் பெற்றோருக்கு இதை நேரடியாகச் சொல்லுங்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் ஒரு தெளிவான கோடுதான்.

எதை வாக்குறுதியாகத் தரக் கூடாது என்றால், "ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எங்களிடம் இருக்கிறது, மாட்டிக்கொள்வீர்கள்" என்பதை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. தானாக எழுதிய பிள்ளையை இத்தகைய கருவி குற்றவாளியாகக் காட்டினால், அந்தக் காயம் ஆறுவது கடினம்.

படி 6: மனக்கஷ்டச் சீட்டுகளை என்ன செய்வது

முதல் படியில் தனியாக எடுத்து வைத்தவை இவை. இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிதல்ல. 1966-ல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எலைசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தாண்டி அது அதிகம் செய்யவில்லை. அப்படியிருந்தும் மக்கள் அதனிடம் அந்தரங்கத்தைச் சொன்னது அவரையே கலங்க வைத்தது. இன்றைய நிரல்கள் அதைவிடப் பல மடங்கு இதமாகப் பேசுகின்றன, எந்த நேரமும் கிடைக்கின்றன, பெரும்பாலும் நம் பக்கமே பேசுகின்றன.

உரையில் இதற்கு நான்கு வரி போதும், ஆனால் குற்றம் சாட்டும் தொனி ஒரு சொல்லில்கூட இருக்கக் கூடாது. "அதனிடம் சொன்னதில் தப்பில்லை. அதனிடம் சொல்ல முடிந்ததை ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் யார் என்று காட்டுங்கள். பள்ளி ஆலோசகராக இருக்கலாம், ஓர் ஆசிரியராக இருக்கலாம். அவர் எழுந்து நிற்கட்டும், எந்த அறையில் எப்போது இருப்பார் என்று சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லை என்றால், விழாவுக்கு முன் ஒருவரை நியமிப்பதுதான் முதல் வேலை.

படி 7: இப்போது எழுதுங்கள்

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போகும். எட்டு நிமிட உரை என்றால் 700 சொல்லுக்குள் எழுதுங்கள், மீதி நேரம் கைதட்டலுக்கும் குழந்தைகளின் பதிலுக்கும் போய்விடும். ஆண்டறிக்கையை இதோடு கலக்காதீர்கள். தேர்ச்சி விகிதமும் விளையாட்டுப் பரிசுகளும் முடிந்த மூச்சிலேயே ஏஐ என்று தொடங்கினால் இரண்டுமே நிற்காது. அறிக்கையைத் துணை முதல்வர் வாசிக்கட்டும், அல்லது அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கலாம்: விளையாட்டு, கதை, அறிவுரை, ஆய்வு, வாக்குறுதி, கடைசியாக மனக்கஷ்டம் பற்றிய வரிகள். விளையாட்டு முன்னால் வருவதற்குக் காரணம் முன்வரிசைக் குழந்தைகள். முதல் இரண்டு நிமிடத்தில் அவர்கள் பங்கெடுத்துவிட்டால் மீதி ஆறு நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள். நடுப்பகுதி எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"குகேஷ் சின்னப் பையனாக இருந்தபோது, உலகிலேயே சிறந்த சதுரங்க ஆட்டக்காரர் ஒரு மனிதர் அல்ல, ஒரு கணினி நிரல். அதைக் கேட்டால் எந்த நிலைக்கும் சரியான நகர்வைச் சொல்லிவிடும். ஆனால் அவருடைய பயிற்சியாளர், இப்போது வேண்டாம், முதலில் நீயே கணக்குப் போடு என்றார். கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அப்படித்தான். கணினி பிறகு வந்தது. வந்தபோது, அது சொல்வதைப் புரிந்துகொள்ளும் தலை தயாராக இருந்தது.

பிள்ளைகளே, உங்கள் கையிலும் அப்படி ஒரு இயந்திரம் இருக்கிறது. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். முதலில் நீ முயன்று பார், அப்புறம் இயந்திரத்தைக் கேள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். வேறொரு நாட்டில், ஒரு பள்ளியில், கணிதப் பாடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஏஐயிடம் விடை கேட்டுப் பயிற்சி செய்த பிள்ளைகள், அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். துப்பு மட்டும் கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் இன்று இரவு நீங்கள் கேட்க வேண்டியது 'வீட்டுப்பாடம் முடிந்ததா' என்பதல்ல. 'முதலில் நீ என்ன எழுதிப் பார்த்தாய், காட்டு' என்று கேளுங்கள். தப்பாக இருந்தால் திட்டாதீர்கள். வரும் திங்களிலிருந்து நாங்களும் அதைத்தான் கேட்கப் போகிறோம்."

இந்த மாதிரியை அப்படியே வாசிக்க வேண்டாம், உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முழு உரையையும் ஏஐயிடம் எழுதி வாங்கவும் வேண்டாம். "முதலில் நீ முயன்று பார்" என்று சொல்பவர் அதை முதலில் செய்திருக்க வேண்டும். நீங்கள் எழுதி முடித்த பிறகு, எந்த வாக்கியம் புரியவில்லை என்று கேட்க அதைப் பயன்படுத்தினால் அது உங்கள் அறிவுரைக்கு உட்பட்டதே. யாராவது கேட்டால் அப்படியே சொல்லவும் செய்யலாம்.

படி 8: ஒத்திகையும் மேடையும்

சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் ஆய்வைக் குறையுங்கள், கதையைக் குறைக்காதீர்கள். ஓர் ஏழாம் வகுப்பு மாணவரையும் ஓர் ஆசிரியரையும் உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காமல், "நான் என்ன செய்யச் சொன்னேன்" என்று கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

சிறப்பு விருந்தினரிடம் உங்கள் கருவை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் "முதலில் முயன்று பார்" என்று அமர்ந்த மறுநிமிடமே அவர் "இனி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்று தொடங்கினால், பிள்ளைகள் எளிதானதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பேசும்போது வேலை பறிபோகும் என்ற பேச்சுக்குள் நுழையாதீர்கள். எந்த வேலை இருக்கும், எது போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பயத்தை வைத்துச் செய்ய எதுவுமில்லை. அரங்கம் சலசலக்கத் தொடங்கினால் குரலை உயர்த்தாமல் மைய வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துங்கள். "முதலில் நீ..." என்றால் பிள்ளைகள் முடிப்பார்கள். முடிக்கிறார்களா இல்லையா என்பதிலேயே உரை எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

படி 9: விழா முடிந்த வாரம்

மறுநாளே பெற்றோருக்குப் பாதிப் பக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதில் வாக்குறுதி மட்டும் இருக்கட்டும்: மூன்று வகைக் குறியீடு, 13 வயது வரம்பு, பேசக்கூடிய மனிதரின் அறையும் நேரமும். ஒரு மாதம் கழித்து, அதே மூன்று வகுப்புகளுக்கு அதே சீட்டைத் திரும்பக் கொடுங்கள். "கேட்பதற்கு முன் நீயே என்ன செய்து பார்த்தாய்?" என்ற இடம் முன்பைவிட நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறையவில்லை என்றால், பாதி வகுப்புகளில் குறியீடு எழுதப்படாமலே வீட்டுப்பாடம் போகிறதா என்று முதலில் ஆசிரியர்களின் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிபாருங்கள்.